வேலை இல்லாமல் போகுது, வேறு வேலை தாறம் எண்டினம்: திங்கட்கிழமைக்குள்ள பதில் கேட்டிருக்கினம்

தெற்குஹரோ அம்மா
14 நவம்பர் 2025, இரவு 10:52

எல்லாருக்கும் வணக்கம். அவசரமா எழுதுறன், பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ.

வெம்பிளியில ஒரு கம்பனியில 13 வருஷமா சம்பளப் பிரிவில இருக்கிறன். எனக்கு வயசு 46. எனக்குக் கீழ இரண்டு பேர் வேலை செய்யினம். செப்டம்பர் 18ம் திகதி எங்களைக் கூப்பிட்டு, சம்பள வேலையை முழுக்க லீட்ஸில இருக்கிற தலைமை அலுவலகம் எடுக்குது, டிசம்பர் 12 வெள்ளியோட உங்கட பதவி இல்லை எண்டு நோட்டீஸ் தந்தவை. சரி, பதவி இல்லாமல் போறதுக்கு நட்டஈடாத் தாற ரிடண்டன்சி காசை எடுத்துக்கொண்டு வேற வேலை தேடுவம் எண்டு மனசைத் தேத்தி வைச்சிருந்தன்.

நேற்று வியாழக்கிழமை பின்னேரம் 5:40க்கு, கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடேக்க ஒரு கடிதம் தந்தினம். ஸ்லவ் கிளையில கஸ்டமர் அக்கவுண்ட்ஸ் வேலை தாறினமாம். டிசம்பர் 15 திங்கள் தொடங்கவேணும். திங்கள் 17ம் திகதி மத்தியானம் 12 மணிக்குள்ள ஓம் அல்லது இல்லை சொல்லவேணும். கடைசி வரியில, மறுத்தால் நானாக வேலையை விட்டதாக எடுத்துக்கொள்ளப்படும் எண்டு இருக்கு.

இப்ப சம்பளம் 33,800 பவுண். புதுசில 31,200. ஆனா ஒரு வருஷத்துக்குப் பழைய சம்பளத்தைத் தருவினமாம். இப்ப கிழமைக்கு இரண்டு நாள்தான் அலுவலகம், அங்க நாலு நாள். நேரம் சுழற்சி முறை: காலமை 8 – 4, அல்லது 11 – 7. ஒரு கிழமையில எத்தினை தரம் பிந்தின ஷிஃப்ட் வரும் எண்டு எழுதேல்லை. மகனுக்கு 9 வயசு. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நிக்கிற கிளப் சரியா 6 மணிக்குப் பூட்டும். இவர் பார்க் ரோயலில 2 – 10 வேலை.

கையெழுத்து வைச்சா என்ன போகும், வைக்காட்டி என்ன போகும்? நேற்று இரவு நித்திரையே இல்லை.

---

ரெடிங் ராஜா
14 நவம்பர், இரவு 11:20

அக்கா, கையெழுத்து போடவே போடாதீங்க. போட்டா புது காண்ட்ராக்ட்டுக்கு ஒத்துக்கிட்டதா ஆயிடும், 13 வருஷக் காசு அன்னிக்கே காலி. சம்பளம் குறையுது இல்லையா, அது ஒண்ணு போதும். சம்பளம் குறைஞ்ச வேலையை மறுத்தா ரிடண்டன்சி பணம் கண்டிப்பா கொடுத்தே ஆகணும். என் ஃப்ரெண்டுக்கு அப்படித்தான் கிடைச்சது. திங்கக்கிழமை காலையில "வேண்டாம்"னு ஒரு வரி மெயில் போட்டுட்டு நிம்மதியா இருங்க.

---

பனங்காய்
15 நவம்பர், காலை 7:05

சகோதரி, இது டூப்பி சட்டத்துக்குள்ள வருமே? வேலை வேற இடத்துக்குப் போனா ஆளும் அதே சம்பளத்தோட கூடவே போகவேணும். 2009இல எங்கட துப்புரவு வேலையை வேற கம்பனிக்குக் குடுக்கேக்க எங்கள் எல்லாரையும் அப்படியே மாத்தினவை. ஒரு பென்ஸ் கூடக் குறையேல்லை. அதைக் கேளுங்கோ.

---

யூனியன்காரன்
15 நவம்பர், காலை 9:40

பிள்ளை, முதல் வேலையாக அந்த "வேண்டாம்" மெயிலை அனுப்பாதீர்கள். "ஓம்" என்றும் அனுப்பாதீர்கள். நான் ஒரு தொழிற்சங்கத்தில் 20 வருஷத்துக்கு மேல் பிரதிநிதியாக இருந்தவன். இந்த மாதிரிக் கடிதத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். வியாழன் பின்னேரம் தந்து திங்கள் மத்தியானம் கேட்பதும் புதிதல்ல.

பனங்காய் அண்ணை சொல்வது வேலை இன்னொரு முதலாளிக்குக் கைமாறும்போது வருவது. இங்கே லீட்ஸும் வெம்பிளியும் ஒரே கம்பனிதான், ஆகவே அது பொருந்தாது.

தம்பி ராஜா சொன்னதில் பாதி சரி, பாதி ஆபத்து. 1996ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தில் 138, 141 என்று இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. பதவி இல்லாமல் போகிற ஒருவருக்கு முதலாளி வேறு நிபந்தனைகளோடு புது வேலை தந்தால், அந்த ஆளுக்கு நாலு கிழமை பரீட்சார்த்த காலம் தானாகவே உண்டு. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாவிட்டாலும் உண்டு. கையெழுத்து வைத்துப் போய் வேலை செய்து பார்த்து, நாலு கிழமைக்குள் "இது எனக்குச் சரிவராது" என்று விட்டால், பழைய வேலை முடிந்த நாளிலேயே ரிடண்டன்சியில் நிறுத்தப்பட்டவராகத்தான் சட்டம் பார்க்கும். ஆகவே கையெழுத்து வைத்த அன்றே காசு போகாது. நாலு கிழமை தாண்டி ஒரு நாள் நின்றாலும் போகும்.

மறுபக்கம், போகாமலே மறுத்தால் காசு கட்டாயம் கிடைக்கும் என்பதும் இல்லை. அங்கே இரண்டு வேறு கேள்விகள் இருக்கின்றன. முதலாவது, தந்த வேலை உங்களுக்குப் பொருத்தமானதா? சம்பளம், இடம், நேரம், தரம் எல்லாவற்றையும் பழைய வேலையோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டாவது, பொருத்தமானதாகவே இருந்தாலும், உங்கள் குடும்ப நிலைமையில் நீங்கள் மறுத்தது நியாயமா? முதற் கேள்வி வேலையைப் பற்றியது, இரண்டாவது உங்களைப் பற்றியது. வேலை பொருத்தம், மறுப்பு நியாயமற்றது என்று இரண்டும் உங்களுக்கு எதிராகப் போனால்தான் சட்டப்படியான ரிடண்டன்சிக் காசு இல்லாமல் போகும்.

கடைசி வரி, "நீங்களாக விட்டதாக எடுத்துக்கொள்வோம்" என்பது பிழை. நோட்டீஸ் தந்தது அவர்கள். நீங்கள் மறுப்பதால் அது ராஜினாமா ஆகாது.

எனக்கு இரண்டு விஷயம் தெரியவேண்டும். கிளை டிசம்பர் கடைசியில் பூட்டுமா? இப்போதைய ஒப்பந்தத்தில் வேலை செய்யும் இடம் பற்றி என்ன எழுதியிருக்கிறது?

---

தெற்குஹரோ அம்மா
15 நவம்பர், காலை 11:15

அண்ணை, மிச்சம் நன்றி. இவ்வளவு நாளும் ஆரும் இப்படிச் சொல்லித் தரேல்லை. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தன். "வெம்பிளி அலுவலகம்" எண்டு மட்டும்தான் இருக்கு, வேற இடத்துக்கு அனுப்பலாம் எண்ட கதை இல்லை. ஸ்லவ் கிளை டிசம்பர் 24 புதன் பூட்டி ஜனவரி 2 வெள்ளி திறக்குமாம்.

ஏன் பூட்டுறதைக் கேட்டனீங்கள்?

---

யூனியன்காரன்
15 நவம்பர், மதியம் 12:30

ஒப்பந்தத்தில் இடம் மாற்றும் வரி இல்லாதது நல்லது. இருந்திருந்தால் "இது புது வேலையே இல்லை, இடமாற்றம்தான்" என்று வாதிடப் பார்ப்பார்கள்.

பூட்டுவதைக் கேட்ட காரணம் இதுதான். அந்த நாலு கிழமை நாட்காட்டிக் கிழமை. வேலை செய்த நாட்களை யாரும் எண்ணமாட்டார்கள். 1980களின் கடைசியில் பென்டன் என்பவருடைய வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரைக்கும் போனது. அவருடைய பரீட்சார்த்த காலத்துக்கு நடுவில் நத்தார் விடுமுறை வந்துவிட்டது. பூட்டியிருந்த நாட்களைக் கழித்துப் பார்த்தால் நேரத்துக்குள்தான் விட்டார், நாட்காட்டிப்படி பிந்திவிட்டார். ரிடண்டன்சிக் காசு கிடைக்கவில்லை.

உங்கள் கணக்கைப் பாருங்கள். டிசம்பர் 15 தொடங்கினால் ஜனவரி 11 ஞாயிறு முடிகிறது. 15 முதல் 19 வரை ஐந்து நாள், 22, 23 இரண்டு நாள், பிறகு ஜனவரி 2 ஒரு நாள், 5 முதல் 9 வரை ஐந்து நாள். 20 நாள் கிடைக்கவேண்டிய இடத்தில் 13 நாள். அதிலும் நத்தாருக்கு முந்திய கிழமையில் யாரும் உங்களுக்கு ஒழுங்காக வேலை பழக்கப்போவதில்லை.

இதற்கு வழி உண்டு. பழைய வேலை முடிந்து நாலு கிழமைக்குள் புது வேலை தொடங்கினால் போதும். ஜனவரி 5 திங்கள் தொடங்குகிறேன் என்று கேளுங்கள், சட்டத்துக்குள் வரும். அப்போது பரீட்சார்த்த காலம் பெப்ரவரி 1 ஞாயிறுவரை ஓடும், 20 வேலை நாளும் கிடைக்கும். இடையில் சம்பளம் இல்லாமல் இருக்காதபடி, பழைய பதவி முடியும் திகதியை ஜனவரி 2க்குத் தள்ளும்படி கேளுங்கள். கணக்கு ஒப்படைக்க லீட்ஸ் ஆட்களுக்கும் நேரம் தேவைப்படும், ஆகவே அவர்களுக்கும் அது கசக்காது.

நாலு கிழமையை நீட்டிக்கலாமா என்று கேட்பீர்கள். பயிற்சிக்காக மட்டும் நீட்டலாம். அதுவும் புது வேலை தொடங்குவதற்கு முன்னரே எழுத்தில், முடியும் திகதியைக் குறித்து ஒத்துக்கொண்டிருக்கவேண்டும். வேலை தொடங்கின பிறகு மேலாளர் "இன்னும் ரெண்டு கிழமை நின்று பாரும் தங்கச்சி" என்று அன்பாகச் சொன்னால் அதை நம்பி நிற்காதீர்கள். அந்த அன்பில் பத்தாயிரம் பவுணைத் தொலைத்தவர்களைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

---

எச்ஆர் மேசை
15 நவம்பர், பிற்பகல் 3:10

நான் மறுபக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கடிதங்களை எழுதுகிறவள். (வேறு கம்பெனி.) யூனியன்காரன் ஐயா சொன்ன சட்டம் சரி. ஆனால் சகோதரி ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: எல்லாம் உங்கள் பக்கம்தான் என்று எண்ணிவிடாதீர்கள்.

லண்டனைச் சுற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து வேலைக்குப் போகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். சம்பளக் குறைப்பு எட்டு சதவீதத்துக்குக் கீழே, அதையும் ஒரு வருடம் ஈடு செய்கிறார்கள். தீர்ப்பாயத்தில் முதலாளி தரப்பு வக்கீல் இதைத்தான் முதலில் சொல்வார். போய்ப் பார்க்காமலே மறுத்தவரிடம், "ஏன் முயன்றுகூடப் பார்க்கவில்லை?" என்ற கேள்வி நிச்சயம் வரும். அதனால் பரீட்சார்த்தமாகப் போய்ப் பார்ப்பதே உங்களுக்கும் நல்லது என்று நினைக்கிறேன்.

அவகாசம் பற்றி: பதில் சொல்ல இத்தனை நாள் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் எண் எதுவும் கிடையாது. எங்கள் அலுவலகத்தில் பத்து வேலை நாள் கொடுப்போம். திங்கட்கிழமை மதியம் என்பது அநியாயம். பெரும்பாலும் அந்த இடத்துக்கு வேறொருவரும் காத்திருப்பார், இல்லையென்றால் ஸ்லவ் மேலாளர் அவசரப்படுத்துகிறார். எழுத்தில் நேரம் கேட்டால் பொதுவாக மறுக்கமாட்டார்கள். மறுத்தால் அதுவே பின்னால் அவர்களுக்கு எதிராக நிற்கும்.

---

யூனியன்காரன்
15 நவம்பர், பிற்பகல் 4:25

தங்கச்சி, பயண நேரத்தில் நீங்கள் சொல்வது ஒரு வாதம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பிள்ளை இரண்டு பேரை மேற்பார்வை செய்கிறவர். புது வேலையில் கீழே யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. 1969இல் கென்ட்டில் டெய்லர் என்ற தலைமையாசிரியரின் வழக்கு இருக்கிறது. பத்து வருஷம் பள்ளிக்கூடம் நடத்தினவர். பள்ளிக்கூடத்தை இன்னொன்றோடு சேர்த்ததும், தேவைப்படும் இடத்துக்கெல்லாம் போய்ப் படிப்பிக்கும் ஆசிரியர் கூட்டத்தில் அவரைப் போடப் பார்த்தார்கள். சம்பளத்தில் ஒரு சதமும் குறைக்கவில்லை. இருந்தும் அது பொருத்தமான வேலை இல்லை என்றுதான் தீர்ப்பு. சம்பளத்தை மட்டும் பார்த்துப் பொருத்தத்தை முடிவு செய்ய முடியாது.

---

எச்ஆர் மேசை
15 நவம்பர், மாலை 5:02

தலைமையாசிரியர் பதவியும் இரண்டு பேரைப் பார்க்கும் பொறுப்பும் ஒரே தராசில் வருமா என்பது எனக்குச் சந்தேகம். இரண்டு பக்கமும் போகக்கூடிய வழக்கு என்றுதான் நான் சொல்வேன். கிளப் ஆறு மணிக்கு மூடுவதுதான் அவருடைய பலமான காரணம். ஆனால் பிந்திய ஷிஃப்ட் வாரத்தில் எத்தனை என்று தெரியாமல் அதையும் எடை போட முடியாது.

---

கொடிமுல்லை
15 நவம்பர், இரவு 8:48

நானும் இதே மாதிரி நிலைமையில இருக்கேன், மன்னிக்கணும், இழையைத் திருப்புறதுக்கு இல்ல. நான் மகப்பேறு விடுப்புல இருக்கேன், குழந்தைக்கு ஏழு மாசம். என் பதவியும் எடுக்கறாங்க. நாலு பேருக்கு ரெண்டு இடம்தான் இருக்கு, எல்லாரும் இண்டர்வியூ வாங்கன்னு சொல்றாங்க. நான் போகணுமா?

---

எச்ஆர் மேசை
15 நவம்பர், இரவு 9:15

கொடிமுல்லை, உங்கள் நிலைமை வேறு. விடுப்பில் இருக்கும்போது பதவி போனால், பொருத்தமான காலியிடம் இருந்தால் அதை மற்றவர்களுக்கு முன்னால் உங்களுக்குத்தான் தர வேண்டும், போட்டி போடச் சொல்லக் கூடாது. 2024 ஏப்ரல் 6 முதல் இந்தப் பாதுகாப்பு கர்ப்பமாக இருப்பதைத் தெரிவித்த நாளிலிருந்து தொடங்குகிறது. மகப்பேறு விடுப்பு எடுத்தவர்களுக்குக் குழந்தை பிறந்து 18 மாதம் வரை நீள்கிறது. உடனே எழுத்தில் கேளுங்கள். தனி இழை தொடங்கினால் விவரமாகச் சொல்கிறேன்.

---

கோவைத்தம்பி
15 நவம்பர், இரவு 10:30

ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுல இருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா ஒரு எச்சரிக்கை. போன வருஷம் எனக்கும் இதே மாதிரி மாத்து வேலை கொடுத்தாங்க. சந்தோஷமா ஒத்துக்கிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, புது வேலையோட தொழில் குறியீடு வேற, அதனால புதுசா விண்ணப்பம் போட்டு அனுமதி வந்த பிறகுதான் வேலையைத் தொடங்கவே முடியும்னு. நாலு வாரம் முயன்று பாக்கலாம்ங்கறது எங்களுக்கு அவ்வளவு சுலபமா இல்ல. அக்காவுக்கு விசா பிரச்சினை இல்லைன்னு நினைக்கிறேன், ஆனா சொல்லணும்னு தோணுச்சு.

---

தெற்குஹரோ அம்மா
15 நவம்பர், இரவு 11:05

இல்லைத் தம்பி, எனக்குக் குடியுரிமை இருக்கு. ஆனா உங்களுக்கு அப்படி நடந்தது மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

எனக்கு இன்னும் ஒண்டு விளங்கேல்லை. வருஷத்துக்கு 2,600 பவுண் குறையுது, அதுவும் அடுத்த வருஷம்தான். அப்பிடிப் பாத்தா பெரிய நட்டம் இல்லைத்தானே? ரிடண்டன்சியில எவ்வளவு வரும் எண்டும் கடிதத்தில போடேல்லை.

---

யூனியன்காரன்
16 நவம்பர், காலை 8:20

சரி, ஒரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு இருந்து கணக்குப் பார்ப்போம்.

ரிடண்டன்சி முதலில். 33,800ஐ 52ஆல் பிரித்தால் கிழமைக்கு 650 பவுண். 2025 ஏப்ரல் 6 முதல் கிழமைச் சம்பள உச்சவரம்பு 719. நீங்கள் அதற்குள் இருக்கிறீர்கள், ஆகவே முழு 650ம் கணக்கில் வரும். 41 வயதுக்குப் பிறகு வேலை செய்த ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் ஒன்றரைக் கிழமைச் சம்பளம், 22 முதல் 40 வரையான வருஷத்துக்கு ஒரு கிழமை. உங்களுக்குப் பிந்திய ஐந்து வருஷம் ஒன்றரைப்படி ஏழரை, முந்திய எட்டு வருஷம் எட்டு, மொத்தம் 15.5 கிழமை. அதை 650ஆல் பெருக்கினால் 10,075 பவுண். 30,000க்குக் கீழே என்பதால் வரி இல்லை. கம்பனிக்குச் சொந்தமாகக் கூடுதல் திட்டம் இருந்தால் அது தனி, கேட்டுப் பாருங்கள்.

இனி வேலை. 2,600 என்பது வரிக்கு முந்திய கணக்கு. வரியும் தேசியக் காப்புறுதியும் போக உங்கள் கைக்கு வராமல் போவது ஏறக்குறைய 1,870. அதுவும் ஒரு வருஷம் கழித்துத்தான். ஆனால் நீங்கள் பயணத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. அதில் பாதுகாப்புக் காலம் இல்லை, முதல் நாளிலேயே தொடங்கும். ஸ்லவுக்கு ஒரு நாள் போய்வர எவ்வளவு முடியும்? ஓய்வூதியத்துக்கு முதலாளி போடுகிற பங்கு இரண்டு கடிதத்திலும் எத்தனை வீதம்?

---

தெற்குஹரோ அம்மா
16 நவம்பர், காலை 9:50

இப்ப பஸ்தான், போய்வர 3.50. ஸ்லவுக்கு ஹேய்ஸ் வரை பஸ், அங்கயிருந்து எலிசபெத் லைன். நேற்று மகனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாத்தன். வீட்டுக் கதவிலயிருந்து கிளைக் கதவு மட்டும் ஒரு மணி பத்து நிமிஷம். நான் போட்ட கணக்கில ஒரு நாளைக்கு 14 பவுண் கிட்ட வரும்.

ஓய்வூதியம் இப்ப அவை போடுறது 8 வீதம். புதுக் கடிதத்தில 5 வீதம். இதை நான் கவனிக்கவே இல்லை. "அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் பாதுகாப்பு" எண்டு சின்ன எழுத்தில கீழ இருக்கு.

---

யூனியன்காரன்
16 நவம்பர், காலை 10:35

பார்த்தீர்களா. இப்போது கிழமைக்கு இரண்டு நாள், 7 பவுண். அங்கே நாலு நாள், 56 பவுண். வித்தியாசம் 49. விடுமுறை போக வருஷத்தில் 46 கிழமை என்று வைத்தால் 2,254 பவுண், வரி கட்டின பிறகு கையில் இருக்கிற காசிலிருந்து போவது. சம்பளக் குறைப்பைவிட ரயில் காசு பெரிது. கடிதம் சம்பளத்தைப் பற்றியே பேசுவதால் உங்கள் கண்ணும் அங்கேயே நின்றுவிட்டது.

ஓய்வூதியத்தில் 33,800க்கு 8 வீதம் 2,704. 31,200க்கு 5 வீதம் 1,560. வருஷத்துக்கு 1,144 குறைவு. முதல் வருஷம் சம்பளத்தைப் பாதுகாத்தாலும் இந்த வீதம் உடனே விழும்போல இருக்கிறது, "அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும்" என்பதன் பொருள் அதுதான். எழுத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

பஸ், ரயில் நேரமும் இருக்கிறது. நாலு நாள், போக ஒரு மணி பத்து, வர ஒரு மணி பத்து. கிழமைக்கு ஒன்பது மணிக்கு மேல். அதற்கு நான் விலை போடமாட்டேன், நீங்கள்தான் போடவேண்டும்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்லவேண்டும். புது வேலையை எடுத்தால் உங்கள் 13 வருஷம் அழியாது, தொடர்ந்து எண்ணப்படும். இரண்டு வருஷம் கழித்து ஸ்லவையும் மூடினால், 15 வருஷச் சேவைக்கு 18.5 கிழமை, கிழமைக்கு 600 வீதம் 11,100 வரும். ஆகவே எடுப்பது முட்டாள்தனம் என்று நான் சொல்லவில்லை. கையில் வேலை இருந்துகொண்டு வேறு வேலை தேடுவது வேறு, வேலை இல்லாமல் தேடுவது வேறு.

---

ரெடிங் ராஜா
16 நவம்பர், மதியம் 12:12

யூனியன்காரன் அண்ணா, தப்பா சொல்லிட்டேன்னு புரியுது. என் ஃப்ரெண்டுக்குக் கிடைச்சதால எல்லாருக்கும் கிடைக்கும்னு நினைச்சேன். அவனுக்கு மாத்து வேலை மான்செஸ்டர்ல கொடுத்தாங்க, அதான் வித்தியாசம் போல. அக்கா, நான் சொன்னதைக் கேட்டு மெயில் போட்டுடலையே?

---

தெற்குஹரோ அம்மா
16 நவம்பர், மதியம் 12:40

இல்லைத் தம்பி, போடேல்லை. நல்ல மனசோடதானே சொன்னனீங்கள்.

அண்ணை, நாளைக்கு என்னெண்டு எழுதுறது?

---

யூனியன்காரன்
16 நவம்பர், பிற்பகல் 2:00

சுருக்கமாக, மரியாதையாக, இன்றைக்கே எழுதுங்கள். ஓம், இல்லை இரண்டும் வேண்டாம். சாரம் இப்படி இருக்கட்டும்:

"உங்கள் கடிதத்துக்கு நன்றி. இந்த வேலையை நான் அக்கறையோடு பரிசீலிக்கிறேன். சரியான முடிவெடுக்கப் பின்வரும் விவரங்கள் தேவை: வேலை விளக்கம், யாருக்குக் கீழே வேலை, ஒரு மாதத்துக்கான உண்மையான ஷிஃப்ட் அட்டவணை, சம்பளப் பாதுகாப்பின் முழு வாசகமும் அதில் ஓய்வூதியம் அடங்குமா என்பதும், நான் போகாவிட்டால் கிடைக்கும் ரிடண்டன்சித் தொகை எழுத்தில். இவை கிடைத்த நாளிலிருந்து பத்து வேலை நாள் அவகாசம் வேண்டும். சட்டப்படியான நாலு கிழமைப் பரீட்சார்த்த காலம் இதற்குப் பொருந்தும் என்பதை உறுதிப்படுத்தவும். கிளை விடுமுறையில் பூட்டப்படுவதால் ஜனவரி 5 தொடங்க விரும்புகிறேன். மறுத்தால் ராஜினாமா என்ற வரியைத் திருத்தித் தரவும்."

விவரம் கேட்பது சாக்குப்போக்கு அல்ல. ஆள் முடிவெடுக்கத் தேவையான சம்பள விவரத்தைச் சொல்லாமல் வேலை தந்தேன் என்று முதலாளி தப்ப முடியாது என்பது 1976லிருந்தே மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொல்லிவருவது.

வேலைப் பிரச்சினைகளுக்கு இலவச ஆலோசனை தரும் பொது அமைப்பான ஏகாஸின் தொலைபேசி 0300 123 1100. நாளைக் காலையில் அவர்களிடமும் கேளுங்கள், நான் சொன்னதில் பிழை இருந்தால் பிடிபடும்.

---

தெற்குஹரோ அம்மா
21 நவம்பர், இரவு 9:30

எல்லாருக்கும் சொல்லவேணும் எண்டு ஓடி வந்தன். திங்கள் காலமை பத்து மணிக்கே எச்ஆர் பிள்ளை போன் எடுத்தவ. "கடிதம் பழைய மாதிரியில இருந்து எடுத்தது, அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுறம்" எண்டு சொன்னவ. டிசம்பர் 1 மட்டும் நேரம் தந்திருக்கினம். ஜனவரி 5 தொடங்கலாம், ஜனவரி 2 மட்டும் வெம்பிளியில சம்பளத்தோட நிக்கலாம். லீட்ஸ் ஆக்களும் நான் இருக்கவேணும் எண்டு கேட்டவையாம், அண்ணை சொன்ன மாதிரியே.

ஓய்வூதியம் 5 வீதம்தான், மாத்த ஏலாதாம். ஷிஃப்ட் அட்டவணை வந்தது: கிழமையில இரண்டு நாள் 11 – 7. ஆரும் மாத்திக்கொண்டா மாத்தலாம், ஆனா உறுதி இல்லை.

ஏகாஸில கதைச்ச ஆளும் பரீட்சார்த்த காலத்தைப் பற்றி இதையேதான் சொன்னவர். ஆனா மறுக்கிறது நியாயமா எண்டு கேட்டதுக்கு, அது தீர்ப்பாயம்தான் சொல்லவேணும் எண்டிட்டார்.

---

எச்ஆர் மேசை
21 நவம்பர், இரவு 10:10

நல்ல செய்தி. போய்ப் பார்ப்பதென்றால் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வீட்டை விட்டீர்கள், எத்தனை மணிக்கு வந்தீர்கள், மகனை யார் எடுத்தார்கள், ஷிஃப்ட் மாற்றக் கேட்டபோது என்ன பதில் வந்தது. நாங்களும் எங்கள் பக்கத்தில் எழுதித்தான் வைப்போம்.

---

தெற்குஹரோ அம்மா
29 ஜனவரி 2026, இரவு 10:20

பழைய இழையைத் தூக்குறதுக்கு மன்னியுங்கோ. உங்கள் எல்லாருக்கும் சொல்லாமல் இருக்க மனம் வரேல்லை.

ஜனவரி 5 போனன். நல்ல சனம், அதில ஒரு குறையும் இல்லை. ஆனா 7 மணி ஷிஃப்டில அண்டைய நாள் கணக்கு மூடவேணும், ஒரு நாளும் 7:20க்கு முன்னம் வெளிக்கிடேல்லை. எட்டு ஷிஃப்டில மாத்தக் கேட்டது ஆறு, கிடைச்சது ஒண்டு. மிச்சம் ஏழு நாளும் அடுத்த வீட்டு அன்ரி மகனைக் கிளப்பில இருந்து எடுத்தவ. நான் வாசலுக்கு வரேக்க 8:35, சில நாள் ஒன்பது. ஒரு நாள் மகன் சப்பாத்தோடயே செற்றியில நித்திரையாப் போயிட்டான். வேலையும் முழுக்க முழுக்கப் போனில பதில் சொல்லுறது. 13 வருஷம் பாத்த சம்பளக் கணக்கில ஒரு துளியும் அதில இல்லை.

இண்டைக்குப் பின்னேரம் கடிதம் குடுத்திட்டன். பரீட்சார்த்த காலத்துக்குள்ள முடிக்கிறன் எண்டு, காரணங்களை ஒவ்வொண்டா, நோட்டில இருந்த திகதிகளோட எழுதிக் குடுத்தன். வாங்கினதுக்குக் கையெழுத்தும் எடுத்தன். 10,075ஐப் பற்றிக் கேட்டதுக்கு, "மறுப்பு நியாயமா எண்டு பாத்துச் சொல்லுறம்" எண்டவை.

---

யூனியன்காரன்
30 ஜனவரி, காலை 7:45

பெப்ரவரி 1க்கு முன்னால், எழுத்தில், திகதியோடு கொடுத்திருக்கிறீர்கள். செய்யவேண்டியதைச் செய்துவிட்டீர்கள் பிள்ளை. நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த அன்ரியிடமும் எந்தெந்த நாள் எடுத்தவர் என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள்.

அவர்கள் மறுத்தால் ரிடண்டன்சிக் காசுக்கு ஆறு மாதத்துக்குள் கேட்கலாம். ஆனால் நியாயமற்ற பணிநீக்கம் என்றும் சேர்த்துக் கேட்க நினைத்தால் மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு, அதற்கு முன்னால் ஏகாஸில் பதிய வேண்டும். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் இழுபறி வரக்கூடும், ஆகவே பழைய வேலை முடிந்த ஜனவரி 2ஐ வைத்தே எண்ணுங்கள். அப்படியென்றால் ஏப்ரல் 1. இரண்டு கிழமை பார்த்துவிட்டுப் பதில் வராவிட்டால் இங்கே எழுதுங்கள்.

---

எச்ஆர் மேசை
30 ஜனவரி, காலை 9:05

எட்டில் ஏழு நாள் வேறொருவர் பிள்ளையை எடுத்திருக்கிறார் என்பது நவம்பரில் நம் யாரிடமும் இல்லாத எண். நான் அந்தப் பக்கத்து மேசையில் இருந்தால் கொடுத்துவிடச் சொல்வேன். அவர்கள் என்ன சொல்வார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.